'தெரிமா' என்று கேட்ட இணைப்பு

அந்தப் பெண் கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். கிள்ளானில் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் வெள்ளைக்கோலைத் தட்டியபடி தனியாகவே வந்திருந்தாள். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார மறுத்தாள்.

"அக்கா, நான் வேணாம்னு சொல்லவே இல்ல. அவங்க நான் சொன்னேன்றாங்க."

அவளை எனக்கு அதற்கு முன் தெரியாது. என்னுடன் வேலை செய்யும் அண்ணனுக்குத் தெரியும். அவரும் பார்வையற்றவர். அவர்கள் இருவரும் ஒரே வாட்சப் குழுவில் இருந்தார்கள். காலையில் அவள் குழுவில் போட்ட குரல் செய்தியைக் கேட்டுவிட்டு, "லேப்டாப்ப எடுத்துக்கிட்டு நேரா இங்க வா" என்று சொன்னவர் அவர்தான்.

எங்கள் வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும். நிறுவனங்கள் வெளியிடும் பிடிஎஃப் கோப்புகளைப் பார்வையற்றவர்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி சரிசெய்து கொடுப்போம். கணினித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு, பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது இணைப்பு என்று சொல்லித் தர வேண்டும். அதற்காகக் கோப்புக்குள் டேக் என்று ஒரு மறைவான அமைப்பு உண்டு. அதைச் சீராக்குவது என் வேலை. நான் முடித்ததை அண்ணன் காதால் சோதிப்பார். அவர் சரி என்று சொல்லாமல் எந்தக் கோப்பும் எங்கள் அலுவலகத்தை விட்டுப் போகாது.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அப்பா துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறார். பங்சாரில் ஒரு பயிற்சி நிலையத்தில் தொலைபேசி வழி மனநல ஆலோசகர் பயிற்சிக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்விலும் தேறி, இடம் கிடைத்திருந்தது. இடம் கிடைத்த செய்தி, தேர்வானவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் வந்தது. அதன் கடைசியில் மலாயில் இரண்டு இணைப்புகள். ஒன்று 'தெரிமா தவாரான்', வாய்ப்பை ஏற்கிறேன். இன்னொன்று 'தோலாக் தவாரான்', வாய்ப்பை மறுக்கிறேன். அவள் முதலாவதை அழுத்தி, திறந்த பக்கத்தில் தன் பதிவு எண்ணைத் தட்டி அனுப்பியிருக்கிறாள். பதில் கிடைத்தது என்று மட்டும் ஒரு மின்னஞ்சலும் வந்தது. திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது, எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்று கேட்கத்தான் அன்று காலை தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களே, உங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது.

"நான் தப்பா அழுத்திட்டேனாம். கண்ணு தெரியாதவங்களுக்கு இப்படி ஆகறது சகஜமாம். அடுத்த தடவ பக்கத்துல யாரையாவது வெச்சுக்கிட்டு அழுத்துங்கன்னு அட்வைஸ் வேற."

இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

எனக்கு வேறொரு கவலை. அந்தப் பயிற்சி நிலையத்தின் கோப்புகளைச் சரிசெய்து கொடுப்பது நாங்கள்தான். அந்தக் கோப்பு என் கையால் போனது. நான் கொடுத்ததில் பிழை இருந்திருந்தால்? அவள் முன்னால் அதைச் சொல்லவில்லை.

"லேப்டாப்ப திற. அன்னிக்கு செஞ்ச மாதிரியே செய். அனுப்பு மட்டும் அழுத்தாத," என்றார் அண்ணன்.

அவள் மின்னஞ்சலில் இருந்து கோப்பைத் திறந்து ஒவ்வோர் இணைப்பாகத் தாவினாள். ஆங்கிலக் குரல் மலாய்ச் சொற்களை வளைத்து நெளித்துப் படித்தது. இருந்தாலும் புரிந்தது. "லிங்க், தெரிமா தவாரான்." அவள் என்டர் தட்டினாள். உலாவியில் ஒரு பக்கம் திறந்தது.

நான் திரையைப் பார்த்தேன். பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பட்டை. அதில் வெள்ளை எழுத்தில் 'தோலாக்'.

"என்னாச்சு? ஏன் பேச மாட்றீங்க?" என்றாள்.

"மேல சிவப்புல ஒரு பட்டை இருக்கு. மறுக்கிற பக்கம் இது. உனக்கு அது கேக்குதா?"

அவள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படிக்கவிட்டாள். 'விண்ணப்பதாரர் பதில்', பதிவு எண், அனுப்பு. அவ்வளவுதான். பட்டை வெறும் படம். அதற்கு விவரம் எதுவும் எழுதவில்லை. திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது இணைப்பைத் தட்டச் சொன்னேன். "தோலாக் தவாரான்" என்று படித்தது. திறந்ததோ பச்சைப் பட்டை போட்ட பக்கம். அதையும் வாசித்துப் பார்த்தாள். முன்பு கேட்ட அதே சொற்கள்தான்.

பிறகு நானே சுட்டியை எடுத்து, கோப்பில் 'தெரிமா' என்ற எழுத்தின்மேல் வைத்து அழுத்தினேன். பச்சைப் பக்கம் சரியாகத் திறந்தது.

"மவுஸ்ல சரியா போகுது. கீபோர்ட்ல மாறிப் போகுது," என்றேன்.

அண்ணன் உடனே, "டேக்க பாருமா," என்றார்.

டேக் பட்டியலைத் திறந்தேன். பார்வையுள்ளவர்களுக்கு ஓர் இணைப்பு என்பது பக்கத்தில் அச்சிட்ட எழுத்தும், அதன்மேல் விரித்த கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியும். சுட்டியால் அழுத்தும்போது நாம் அந்தப் பெட்டியைத்தான் அழுத்துகிறோம். எங்கே போக வேண்டும் என்பது பெட்டிக்குத்தான் தெரியும். எழுத்துக்குத் தெரியாது. இந்தப் பெட்டி இந்த எழுத்துக்குரியது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்வது டேக். 'இணைப்பு' என்ற டேக்குக்குள் எழுத்தும் இருக்கவேண்டும், அந்தப் பெட்டியைச் சுட்டும் குறியும் இருக்கவேண்டும். இந்தக் கோப்பில் 'தெரிமா' என்ற எழுத்தோடு மறுப்புப் பெட்டியின் குறியும், 'தோலாக்' என்ற எழுத்தோடு ஏற்புப் பெட்டியின் குறியும் மாறி உட்கார்ந்திருந்தன. காதில் விழுந்தது ஒன்று, நடந்தது வேறொன்று.

அவள் தவறாக அழுத்தவில்லை.

நான் அனுப்பிய மூலக்கோப்பை எடுத்து ஒப்பிட்டேன். என் கோப்பில் இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு விளக்கவரியும் எழுதியிருந்தேன். அவளுக்கு வந்த கோப்பில் அந்த விளக்கவரிகள் இல்லை, தேதியும் வேறு. யாரோ தேதியை மாற்றுவதற்காகக் கோப்பைத் திரும்ப உருவாக்கியிருக்கிறார்கள். அதில் பழைய இணைப்புகள் போயிருக்கும். புதிதாகப் பெட்டிகளை வரைந்து, கையால் டேக்குக்குள் சேர்த்திருக்கிறார்கள். பட்டியலில் அந்த இரண்டு குறிகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாறிப்போக ஒரு நொடி போதும்.

பயிற்சி நிலையத்தின் பதிவாளரை அழைத்தேன். தமிழ்ப் பெண்மணிதான். என்னோடு எப்போதும் நன்றாகப் பேசுபவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு காலைல வாங்க," என்றார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். எங்க ஆளு அந்த ஃபைல டெஸ்ட் பண்ணாங்க. எல்லாம் பாஸ்னுதான் வந்துச்சு."

மறுநாள் காலை மூவரும் பங்சாருக்குப் போனோம். காரில் அவள் பின்னிருக்கையில் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எதுவும் சொல்லவில்லையாம். அப்பா இடம் கிடைத்த செய்தியை மாரியம்மன் கோயில் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "இப்ப போய் இல்லன்னு எப்படிக்கா சொல்றது," என்றாள்.

கூட்ட அறையில் பதிவாளரும், அவருக்குப் பக்கத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக வேலை செய்யும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். கோப்புகளை இணையத்தில் ஏற்றுவதும் பதிவாளர் கணக்கிலிருந்து மின்னஞ்சல் அனுப்புவதும் அந்தக் கிராணியின் வேலை. வணக்கம் சொன்னவள் அதன்பிறகு தலை நிமிரவில்லை.

நேற்று பார்த்ததைச் சொல்லி, மடிக்கணினியைத் திறக்கச் சொன்னேன். பதிவாளர் கையை நீட்டி நிறுத்தினார்.

"இருங்க. அது அவங்க லேப்டாப்ல இருக்கற ஃபைல். எங்க வெப்சைட்லயும் அதே ஃபைல்தான் இருக்கு. அதத் திறங்க. அதுதான் அஃபிஷியல்."

சரி என்று அவர்கள் தளத்திலிருந்தே இறக்கித் திறந்தோம். அவள் இணைப்புக்குத் தாவினாள். "லிங்க், தெரிமா தவாரான்." என்டர். பக்கம் திறந்தது.

பச்சைப் பட்டை.

நான் மறுபடி தட்டச் சொன்னேன். மறுபடியும் பச்சை. இரண்டாவது இணைப்பைத் தட்டினால் சிவப்பு. எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"என்ன கலர் வந்துச்சு?" என்றாள் அந்தப் பெண். "அக்கா, என்ன கலர்?"

"பச்சை," என்றேன்.

பதிவாளர் நாற்காலியில் சாய்ந்தார். "இப்ப என்ன சொல்றீங்க?"

"இவங்ககிட்ட இருக்கற ஃபைல் வேற மேடம். அதுல மாறி இருக்கு. இத அப்புறமா யாரோ..."

"அவங்க ஃபைல்ல மாறி இருக்குன்னா, யார் மாத்தினது? எனக்கு அதெல்லாம் செய்யத் தெரியாதுலா. இந்த ரூம்ல அது கைவந்த வேலையா இருக்கறது உங்களுக்குத்தான்."

முகத்தில் அடித்தது போலிருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் குறிகளை இடம் மாற்றி வைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. நேற்று மதியம் முழுக்க அந்த மடிக்கணினி என் மேசைமேல்தான் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும், வேண்டிய பெண்ணுக்காக ஒரு கோப்பைத் திருத்திக் கொண்டுவந்தவளாகத்தான் நான் தெரிவேன். என்னிடம் அதை மறுக்க எந்த வழியும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த பதிவாளர், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆட்கள் கிளம்புமுன் இன்னொரு கூட்டம் இருக்கிறது என்றார். எழுந்திருக்கவும் போனார்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றாள் அந்தப் பெண். குரலில் பணிவு கொஞ்சமும் இல்லை. "அந்த ஃபைல நீங்கதான எனக்கு மெயில்ல அனுப்பினீங்க? என்கிட்ட இருக்கறத நம்பாதீங்க. நீங்க அனுப்பினது உங்ககிட்டயே இருக்கும்ல? உங்க கம்ப்யூட்டர்ல, அனுப்பின மெயில்ல. அத திறங்க. அக்கா அதத் தொடவே வேணாம்."

எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. பயத்தில் தோன்றவில்லை.

பதிவாளர் கிராணியைப் பார்த்தார். அவள் அசையவில்லை. பதிவாளரே எழுந்து போய்த் தன் கணினியை எடுத்துவந்தார். அனுப்பிய மின்னஞ்சல்களில் தேடினார். கிடைத்தது. இணைத்திருந்த கோப்பை இறக்கினார். சுட்டியால் 'தெரிமா' என்பதை அழுத்தினார். பச்சை.

"பாருங்க, சரியாத்தான்..."

"மவுஸ்ல அழுத்தினா எப்பவும் சரியாத்தான் வரும் மேடம்," என்றார் அண்ணன். அறைக்குள் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. "எங்களுக்கு மவுஸ் இல்ல. எங்க வழியா போய்ப் பாருங்க."

அந்தக் கணினியில் திரைவாசிப்பான் இல்லை. அண்ணன் எப்போதும் கொண்டுபோகும் பென்டிரைவை நீட்டினார். நிறுவாமலே இயங்கும் திரைவாசிப்பான் அதில் இருந்தது. பதிவாளர் தயங்கினார். பிறகு வாங்கிச் செருகினார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மேசைப் பக்கமே நகரவில்லை. எந்த விசையைத் தட்டவேண்டும் என்று அண்ணன் சொல்லச் சொல்ல, பதிவாளரே தட்டினார்.

"இப்ப 'கே' எழுத்த அழுத்துங்க. அடுத்த லிங்குக்குப் போகும்."

"லிங்க், தெரிமா தவாரான்," என்றது கணினி.

"இப்ப கேட்டது என்ன மேடம்?"

"தெரிமா."

"என்டர் தட்டுங்க."

தட்டினார். திரை மாறியது. அந்தப் பெண் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தாள். பதிவாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பு," என்றார், யாரும் கேட்காமலே.

இன்னொரு தடவை செய்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பக்கம் முழுவதையும் படிக்கவிட்டுக் கேட்டார். விண்ணப்பதாரர் பதில், பதிவு எண், அனுப்பு. கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் இருந்த உறுதி போயிருந்தது.

"அப்போ வெப்சைட்ல இருக்கறது எப்படி சரியா இருக்கு?"

அந்தக் கிராணிப் பெண் அழத் தொடங்கியிருந்தாள்.

"நான்தான் மேடம். நேத்து காலைல இவங்க போன் பண்ணி கத்தினாங்க. எனக்கு சந்தேகமா இருந்துச்சு. திறந்து பார்த்தேன். ரெண்டும் மாறி இருந்துச்சு. சரி பண்ணி ஏத்திட்டேன். சொல்லணும்னுதான் நெனச்சேன். வேல போயிடுமோன்னு பயம்."

தேதியை மாற்றச் சொல்லி அவசரப்படுத்தியிருக்கிறார்கள். மூல ஆவணத்திலிருந்து அவள் பிடிஎஃப்பாக அச்செடுத்திருக்கிறாள். அப்படிச் செய்ததில் டேக்கும் போய்விட்டது, இணைப்பும் போய்விட்டது. டேக்கை மென்பொருளே போட்டுக்கொடுத்தது. இணைப்புப் பெட்டிகளை இவள் அதற்குப்பின் வரைந்தாள். சோதித்தபோது, பெட்டிகள் டேக்குக்குள் இல்லை என்று மென்பொருள் குறை சொன்னது. இணையத்தில் தேடிப் படித்துத் தானே இணைப்பு டேக் உருவாக்கி, குறிகளை உள்ளே இழுத்துப் போட்டாள். பாஸ் என்று வந்தது. மென்பொருளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெட்டி ஏதோ ஓர் இணைப்பு டேக்குக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். அது பொருந்துகிற எழுத்தோடுதான் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதை யாராவது கேட்டுப் பார்க்கவேண்டும்.

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் கிராணியின் பக்கம் திரும்பினாள்.

"நேத்து நீங்கதான போன்ல பேசினீங்க? பக்கத்துல யாரையாவது வெச்சுக்கன்னு சொன்னது?"

"நான் இல்ல..." என்று கிராணி இழுத்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றார் பதிவாளர்.

பதிவாளர் அந்தப் பெண்ணின் முன்னால் வந்து உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டார். சுற்றி வளைக்காமல், தவறு எங்களுடையது, உன் மேல் போட்டது அதைவிடப் பெரிய தவறு என்றார். என் பக்கமும் திரும்பி, "உங்களையும் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது," என்றார். தலையசைத்தேன். உள்ளே இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் இடம் போயிருந்தது. காத்திருப்பில் இருந்த ஒருவருக்குக் கொடுத்து, அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார். அடுத்த பயிற்சியில் முதல் இடம் உனக்குத்தான் என்றார் பதிவாளர்.

"அடுத்தது எப்போ?"

"தெரியல. அடுத்த வருஷம் இருக்கலாம்."

"அப்போ வேணாம் மேடம். இதுலயே குடுங்க. அவங்க சீட்ட எடுக்கச் சொல்லல. இன்னொரு நாற்காலி போடுங்க."

"என் கைல இல்லம்மா. இயக்குநர் கையெழுத்து போடணும்."

"நான் வெளில உக்காந்திருக்கேன். கேட்டுட்டு வாங்க."

அவள் நிஜமாகவே போய் வரவேற்பறையில் உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அண்ணன் வாங்கிவந்த கறிபாப் பலகாரத்தை அவள் தொடவில்லை. உள்ளே கதவு திறக்கும்போதெல்லாம் அவள் முதுகு நிமிரும். ஒரு சமயம் உள்ளேயிருந்து பதிவாளரின் குரல் உயர்ந்து கேட்டது. யாரிடமோ ஆங்கிலத்தில், அவள் காதில் கேட்டதைத்தான் செய்தாள், கேட்டதைத்தான் செய்தாள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் தணிந்தது.

பதிவாளர் வெளியே வந்தபோது முகம் களைத்திருந்தது.

"திங்கக்கிழமை வா," என்றார். "பின்வாசல் பக்கம் ராம்ப் இருக்கு. அங்க நானே நிக்கறேன்."

"எழுத்துல குடுங்க மேடம்," என்றாள். "பிடிஎஃப்பா வேணாம். சாதாரண மெயில்லயே போடுங்க."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பதிவாளரும் சிரித்தார். மின்னஞ்சல் வந்து, அதை இரண்டு தடவை காதில் கேட்டுவிட்டுத்தான் அவள் எழுந்தாள். காரில் ஏறியதும் அப்பாவுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வேலைக்கு லேட்டாகப் போகச் சொல்லி, தன்னைப் பங்சாரில் இறக்கிவிடவேண்டும் என்று மட்டும் சொன்னாள். நடந்தது எதையும் சொல்லவில்லை.

கிராணிக்கு வேலை போகவில்லை. அடுத்த வாரமே அவளை எங்களிடம் அனுப்பிவைத்தார்கள். மூல ஆவணத்திலேயே இணைப்புக்குப் புரிகிற சொல் எழுதி, டேக்கோடு பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்வது எப்படி என்று காட்டினேன். கடைசியில் அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையை அணைத்துவிட்டு, அவள் செய்த கோப்பை அவளையே கேட்கச் சொன்னார். இருட்டுத் திரைமுன் அவள் கைகள் விசைகளைத் தடவித் தேடின. அந்தச் சிவப்பு, பச்சைப் பக்கங்களின் பட்டைகளும் இப்போது எழுத்தில் இருக்கின்றன.

அந்தப் பெண் பயிற்சி முடித்து, இப்போது தொலைபேசி ஆலோசகராக வேலை செய்கிறாள். பூச்சோங்கில் என் வீட்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறாள். எங்கேயாவது இணைப்பு சரியில்லாத கோப்பு கையில் சிக்கினால் எனக்குத்தான் குரல் செய்தி வரும். "அக்கா, இதுல லிங்க் லிங்க்னு மட்டும் சொல்லுது, எதுக்குன்னு சொல்ல மாட்டேங்குது. யார்னு பாருங்க, நான் அவங்களோட பேசணும்." போன வாரம் வந்தது ஒரு மருத்துவமனைக் கையேடு. கோப்பைத் திறந்து பார்த்தேன். பெட்டிகள் எதுவும் டேக்குக்குள் இல்லை. அவர்கள் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டேன்.